குச்சி வந்தது, குறிப்பு வரவில்லை

மரவள்ளியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. அறுவடை முடிந்த செடியின் தண்டை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி மண்ணில் ஊன்றினால் போதும், தளிர்த்துவிடும். பத்து மாதம் போனால் அடியில் கிழங்கு திரண்டிருக்கும். சேலம், நாமக்கல் பக்கம் இதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். குமரி மாவட்டத்தில் மரச்சீனி. கடல் தாண்டிப் போவதற்கு இவ்வளவு தோதான பயிர் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஒரு கட்டுக் குச்சியை நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கப்பல்களில் ஏறி பிரேசிலில் இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போனது. பிறகு ஆசியாவுக்கு வந்தது. இன்று உலகில் விளையும் மரவள்ளியில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில்தான் விளைகிறது. விளைச்சலில் முதலிடம் நைஜீரியாவுக்கு. தாய்வீடான பிரேசில் அதற்கு வெகு பின்னால் நிற்கிறது.

குச்சியோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய ஒன்று மட்டும் பல ஊர்களுக்குப் போகவில்லை. இந்தக் கிழங்கில் சயனைடு பிறக்கிறது. அதை எப்படி நீக்குவது என்பது தென் அமெரிக்கப் பெண்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தெரியும். கப்பல் மாலுமிகளுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. சமைக்கும் முறை போய்ச் சேர்ந்த இடத்தில் மரவள்ளி பஞ்சம் தீர்த்தது. சேராத இடத்திலும், சேர்ந்தும் கைவிடப்பட்ட இடத்திலும் அது மனிதர்களை முடமாக்கியது.

சயனைடு என்றதும் கிழங்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உயிருள்ள மரவள்ளிக் கிழங்கில் சயனைடு அப்படியே தனியாக இருப்பதில்லை. லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அது சர்க்கரையோடு பிணைந்த ஒரு சேர்மம், செல்லின் உள்ளறையில் அடைபட்டிருக்கும். அதை உடைக்கும் நொதியான லினமாரேஸ் செல்லின் சுவரில் இருக்கும். இரண்டும் ஒரே செல்லில், ஆனால் ஒன்றையொன்று தொடாமல். தீக்குச்சியும் பெட்டியின் மருந்துப் பட்டையும் ஒரே பெட்டியில் இருந்தும் தீப்பற்றாமல் கிடப்பது போலத்தான். எலியோ பன்றியோ கிழங்கைக் கடித்தால் செல் நசுங்குகிறது, நொதி லினமாரினைத் தொடுகிறது, சில படிகளில் ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. செடிக்கு இது காவல்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கிழங்கைத் தின்பவனைக் கொல்வதற்காக ஏற்பட்ட அதே ஏற்பாடுதான் கிழங்கைச் சுத்தம் செய்யவும் உதவுகிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும். அதாவது நம் ஊர் மதிய வெயில்கூட வேண்டாம், காலை வெயிலே போதும். ஆகவே கிழங்கை நன்றாகத் துருவியோ அரைத்தோ நொதியையும் லினமாரினையும் கலக்கவிட்டு, காற்றோட்டமாகக் கொஞ்ச நேரம் வைத்தால் நஞ்சு தானாகவே பறந்துவிடும். மாறாக, முழுக்கிழங்கைக் கொதிநீரில் போட்டால் என்ன ஆகும்? சூட்டில் நொதி செத்துவிடும். லினமாரின் சூட்டுக்கு அசையாது, உடைக்க ஆளில்லாமல் கிழங்கிலேயே தங்கும். ஒரு பகுதி மட்டும் வேகும் தண்ணீரில் கரைந்து வெளியேறும். வேகவைத்தால் எல்லா நஞ்சும் போய்விடும் என்ற பொதுவான நம்பிக்கை மரவள்ளியில் பாதிதான் சரி.

நஞ்சின் அளவு எல்லாக் கிழங்கிலும் ஒன்றில்லை. ஒரு கிலோ பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு தருபவற்றை இனிப்பு வகை என்பார்கள். கசப்பு வகையில் அது 400 மில்லிகிராம் வரைகூடப் போகும். இனிப்பு வகையைத் தோலுரித்து நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத் தின்னலாம். நம் ஊரில் வீட்டுச் சமையலுக்கு வருவது இந்த வகைதான். கசப்பு வகைக்கு அது போதாது. நாக்கை வைத்தும் முழுதாக முடிவு செய்ய முடியாது. கசப்பும் நஞ்சும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்தாலும், கசப்புக்கு வேறு பொருள்களும் காரணம். இன்னொரு தொல்லை, மழை பொய்த்தால் அதே செடி, அதே தோட்டத்தில், முந்தைய ஆண்டைவிட அதிக லினமாரினைச் சேர்த்து வைக்கும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மரவள்ளியின் காட்டு மூதாதை இன்றும் அமேசானின் தென்மேற்கு ஓரத்தில் வளர்கிறது. 1999இல் ஓல்சன், ஷால் என்ற இரு ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு, பயிரான மரவள்ளி அந்தப் பகுதியில்தான் பிறந்தது என்று காட்டினார்கள். எல் சால்வடாரில் ஹோயா தே செரென் என்ற மாயர் கிராமம் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. அங்கே வரிசை வரிசையாக வரப்பு கட்டிய மரவள்ளித் தோட்டமே சாம்பலுக்குள் அச்சு மாறாமல் கிடைத்திருக்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இது அந்தக் கண்டத்தில் வெகுதூரம் பரவிவிட்ட உணவு.

அமேசான் மக்கள் இனிப்பு வகை இருந்தும் கசப்பு வகையை விரும்பிப் பயிரிட்டார்கள். சத்தில்லாத மண்ணிலும் அது விளையும். காட்டுப் பன்றியும் பூச்சியும் அவ்வளவாகத் தொடாது. திருடனும் யோசிப்பான், ஏனென்றால் பிடுங்கிய கையோடு சுட்டுத் தின்ன முடியாது. நஞ்சை நீக்கும் வேலை பெண்களுடையது. கூரான கல் சில்லுகளைப் பதித்த பலகையில் கிழங்கைத் துருவுவார்கள். அந்த ஈரத் துருவலைத் திபிதி என்ற நீண்ட ஓலைப் பின்னல் குழாயில் அடைத்து, உத்தரத்தில் தொங்கவிட்டு, அடிப்பக்கத்தில் ஒரு கழியைச் செருகி அதன்மேல் உட்கார்வார்கள். குழாய் நீளும்போது இறுகும், சாறு பிழிந்து ஒழுகும். லினமாரினும் சயனைடும் பெருமளவு சாற்றோடு போய்விடும். மிஞ்சிய மாவைப் பெரிய மண் தட்டில் வறுத்தால் மீதியும் ஆவியாகும். அப்படி வறுத்த மாவு மாதக்கணக்கில் கெடாது. பிழிந்த சாற்றையும் வீணாக்குவதில்லை. அதன் அடியில் வெள்ளையாகப் படியும் மாவுதான் டபியோக்கா. மேலே நிற்கும் மஞ்சள் நீரை நெடுநேரம் கொதிக்கவைத்து, துக்குபி என்று குழம்பாக இன்றும் பிரேசிலின் வடக்கே ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். கொதிக்காத அந்த நீரைக் குடித்தால் உயிர் போகும்.

1550களில் பிரேசில் கரையோரத்தில் துப்பினம்பா மக்களிடம் கைதியாக இருந்து தப்பிய ஹான்ஸ் ஸ்டாடன் என்ற ஜெர்மானியர், 1557இல் வெளியிட்ட நூலில் இந்த மாவு தயாரிப்பை விவரித்திருக்கிறார். ஐரோப்பியர்களுக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் வேறு. கோதுமை விளையாத கரையில் கோட்டைக் காவலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் அடிமைக் கப்பலுக்கும் கெடாத உணவு வேண்டியிருந்தது. வறுத்த மரவள்ளி மாவு அதற்குச் சரியாக இருந்தது. ஆப்பிரிக்காவில் இருந்து மனிதர்களை ஏற்றிவரப் போன கப்பல்கள் பிரேசிலில் இருந்து மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயின. மாவு மூட்டையின் செலவைக் குறைக்கக் கரையிலேயே பயிரிட்டுக்கொள்ளலாம் என்று குச்சியும் போனது. இப்படித்தான் காங்கோ ஆற்று முகத்துவாரத்திலும் லுவாண்டாவிலும் 16ஆம் நூற்றாண்டிலேயே மரவள்ளி வேரூன்றியது. இந்தப் பயிரின் உலகப் பயணத்தை அடிமை வணிகத்தை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது.

ஆப்பிரிக்காவுக்குள் அது போன வழி இரண்டு. காங்கோ படுகையில் உள்ளூர்ப் பெண்கள் ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார்கள். துருவுவதற்குப் பதிலாக, கிழங்கை ஓடையிலோ குட்டையிலோ மூன்று நான்கு நாள் ஊறப்போடுவது. நீருக்குள் நுண்ணுயிர்கள் கிழங்கைப் புளிக்கவைத்து மென்மையாக்கும். செல் சுவர்கள் குலைந்து நொதியும் லினமாரினும் சேரும், நஞ்சு உடைந்து தண்ணீரோடு போகும். வெளியே எடுக்கும்போது கிழங்கு விரலால் அழுத்தினால் குழையும். அந்தக் குழைவுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம். அதை இடித்து, இலையில் சுற்றி அவித்தால் ஷிக்வாங் என்ற உணவு. துருவுதல், பிழிதல், வறுத்தல் ஒன்றும் இல்லாமல் நேரத்தையும் நீரையும் மட்டும் வைத்து அமேசான் முறைக்கு ஈடான பலன் கிடைத்தது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலோ கதை வேறு. அங்கேயும் குச்சி சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மரவள்ளி பெரிதாகப் பரவவில்லை. ஒரு ஓரப்பயிராகக் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். 1835இல் பாஹியாவில் நடந்த அடிமைக் கிளர்ச்சிக்குப் பிறகு பலர் நாடு கடத்தப்பட்டும் வந்தார்கள். லாகோஸிலும் இன்றைய பெனின், டோகோ கரையிலும் குடியேறிய இவர்கள் பிரேசிலில் கற்ற மாவு வறுக்கும் வித்தையையும் கொண்டுவந்தார்கள். கிழங்கைத் துருவி, மூட்டையில் கட்டி, மேலே கல்லை ஏற்றி இரண்டு மூன்று நாள் சாறு வடியவிட்டு, அது புளித்ததும் சலித்து வறுத்தால் கரி என்ற மாவு. வெந்நீர் ஊற்றினால் சோறு ஆகிவிடும் இந்த மாவு நைஜீரியாவிலும் கானாவிலும் இன்று அன்றாட உணவு. மேற்கு ஆப்பிரிக்காவில் மரவள்ளி உண்மையில் பரவத் தொடங்கியது கரி வந்த பிறகுதான். குச்சி ஊன்றிய கப்பல் முதலாளிகளைவிட, அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வந்தவர்களே இந்தப் பயிரை அங்கே உணவாக்கினார்கள் என்பது என் எண்ணம்.

மக்களின் தட்டில் என்ன மாறியது? சோளமும் கம்பும் யாம் கிழங்கும் இருந்த இடத்தில் மரவள்ளி வந்து உட்கார்ந்தது. காரணம் எளிது. வெட்டுக்கிளி வந்து இலையைத் தின்றாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். ஓராண்டு, இரண்டாண்டு வரை பிடுங்காமல் விடலாம்; நிலமே களஞ்சியம். ஆண்களைத் தோட்ட வேலைக்கும் சுரங்கத்துக்கும் இழுத்துக்கொண்டு போன காலனி ஆட்சிக் காலத்தில், குறைந்த ஆள்பலத்தில் விளையும் பயிர் வேறு இல்லை. பஞ்ச நிவாரணம் என்று பல காலனி அரசுகள் மரவள்ளி நடுவதைக் கட்டாயமே ஆக்கின. விலை வேறொரு பக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. பச்சை மரவள்ளியில் புரதம் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். தானியத்தை விட்டு மரவள்ளிக்கு மாறிய குடும்பம் வயிற்றை நிரப்பிக்கொண்டது, புரதத்தை வேறெங்காவது தேட வேண்டியதாயிற்று.

இந்தப் புரதக் குறைவும் சயனைடும் சேரும்போதுதான் ஆபத்து. உடல் சிறிதளவு சயனைடை நாள்தோறும் சமாளிக்கும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதனோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட் ஆக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். அந்தக் கந்தகம் புரதத்தில் இருந்து வர வேண்டும். மீன், பயறு, முட்டை, இறைச்சி ஏதாவது தட்டில் இருந்தால் வரும். வெறும் கிழங்கு மட்டும் இருந்தால் வராது.

1981 ஆகஸ்டில் மொசாம்பிக்கின் வடக்கே நம்புலா மாகாணத்தில், மெம்பா பகுதியில் இருந்து ஒரு செய்தி வந்தது. பெண்களும் குழந்தைகளும் திடீரென்று நடக்க முடியாமல் போகிறார்கள். முதல் நாள் தோட்டத்துக்குப் போய் வந்தவர் மறுநாள் காலை எழும்போது இரண்டு கால்களும் விறைத்துக் கிடந்தன. காய்ச்சல் இல்லை, வலி பெரிதாக இல்லை, உணர்ச்சி மரத்துப்போகவில்லை, புத்தி தெளிவாக இருந்தது. முதலில் இளம்பிள்ளை வாதமோ என்று சந்தேகம். ஆனால் இளம்பிள்ளை வாதத்தில் கால் துவண்டு தொங்கும், பெரும்பாலும் ஒரு பக்கத்தில் அதிகமாக இருக்கும். இங்கே இரண்டு கால்களும் ஒரே அளவில் விறைத்திருந்தன. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் இரசாயன ஆயுதமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது.

பக்கத்து நகரமான நக்காலாவில் பணியாற்றிய ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங்கும், மொசாம்பிக் சுகாதாரத் துறையில் இருந்த ஜூலி கிளிஃப் முதலியோரும் கிராமம் கிராமமாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். 1,102 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். தொற்றுநோய் என்றால் வழியோரமாக, சந்தை ஊர்கள் வழியாகப் பரவியிருக்க வேண்டும். இது அப்படிப் பரவவில்லை. வறட்சி கடுமையாக இருந்த உள்கிராமங்களில் கொத்துக் கொத்தாக இருந்தது. நகரத்தில் இல்லை. கைக்குழந்தைகளுக்கு வரவில்லை. பால் மறந்து கிழங்கு தின்னத் தொடங்கிய வயதுக்கு மேல்தான் வந்தது. எல்லாம் ஒரே பக்கமாகச் சுட்டியது, சாப்பாட்டை.

அந்த ஆண்டு மழை பொய்த்து மற்றப் பயிர்கள் கருகிவிட்டன. நின்றது கசப்பு மரவள்ளி மட்டும். வறட்சியில் அதன் லினமாரின் வேறு கூடியிருந்தது. அந்தப் பகுதி மக்கள் ஊறப்போடும் வழக்கம் உள்ளவர்கள் இல்லை. கிழங்கைத் தோலுரித்து வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து, பிறகு இடித்து மாவாக்குவார்கள். வெறும் காயவைத்தல் அவ்வளவு நல்ல முறை இல்லை. செல் நசுங்காததால் நொதியும் லினமாரினும் சரியாகச் சேர்வதில்லை, ஈரம் போனதும் நொதியின் வேலையும் நின்றுவிடுகிறது. மற்ற ஆண்டுகளில் பயறும் மீனும் கொஞ்சம் இருந்தன, முழுதாகக் காய்ந்த கிழங்கு இருந்தது, எப்படியோ ஓடியது. 1981இல் பசி காத்திருக்கவிடவில்லை. அன்று பிடுங்கியதை அன்றே இடித்துக் கஞ்சியாக்கினார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் தயோசயனேட் மிக அதிகமாக இருந்தது. உடல் தன்னிடம் இருந்த கந்தகத்தையெல்லாம் செலவழித்துச் சயனைடோடு போராடியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

நோய் புதியதில்லை என்பதும் தெரியவந்தது. 1938இல் பெல்ஜியக் காங்கோவின் குவாங்கோ பகுதியில் ட்ரோல்லி என்ற மருத்துவர் இதையே பதிவு செய்து, மக்கள் அழைத்த பெயரிலேயே கொன்ஸோ என்று எழுதியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. இதில் மிகக் கொடுமையானது, வந்த முடக்கம் திரும்பிப் போவதில்லை. மேலும் மோசமாவதும் இல்லை, குணமாவதும் இல்லை. எட்டு வயதில் வந்தால் வாழ்நாள் முழுக்க முழங்கால்கள் உரச, கழி ஊன்றித்தான் நடை. சயனைடு நரம்பை எந்த வழியில் தாக்குகிறது என்பது இன்றும் முழுதாக விளங்கவில்லை.

வறட்சி இல்லாமலும் கொன்ஸோ வரும் என்பதை ஸயரில், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், பண்டுண்டு பகுதியில் நடந்த ஆய்வு காட்டியது. எனக்கு நம்புலாவைவிட இதுதான் அதிகம் உறுத்துகிறது. அங்கே பெண்களுக்கு ஊறப்போடும் முறை நன்றாகத் தெரியும். மூன்று நாள் ஊறவைத்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தலைநகர் கின்ஷாசாவுக்கு நல்ல சாலை வந்தது. நகரத்தில் காய்ந்த மரவள்ளிக்கு விலை இருந்தது. லாரி வரும் நாளுக்குள் சரக்கு தயாராக வேண்டும். மூன்று நாள் ஊறல் ஒரு நாளாகச் சுருங்கியது. கிழங்கு காய்ந்து நகரத்துக்குப் போய்ச் சேரும் காலத்தில் கொஞ்சம் நஞ்சு குறைந்திருக்கும், வாங்குபவரிடம் மீனோ இறைச்சியோ கூடவே இருக்கும். விற்ற வீட்டில் அரைகுறையாக ஊறிய கிழங்கும் கீரையும் மட்டும். முறை தெரியாததால் வந்த நோய் இல்லை இது. தெரிந்த முறையில் இரண்டு நாளைச் சந்தை வாங்கிக்கொண்டதால் வந்தது.

தீர்வு ஒன்றை ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரி கண்டார். இவ்வளவு எளிதான தீர்வு அறிவியலில் அபூர்வம். மரவள்ளி மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் பாயில் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரம் அல்லது நிழலில் ஐந்து மணி நேரம் வைக்க வேண்டும். மாவில் உறங்கிக் கிடந்த நொதி ஈரம் பட்டதும் எழுந்து மிஞ்சிய லினமாரினை உடைக்கும், சயனைடு காற்றில் போகும். பிறகு அதே மாவைக் கிண்டிக் களியாக்கலாம். மாவில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று பார்க்க அவருடைய குழு ஒரு சிறு சோதனையும் தயாரித்தது. மாவைக் கொஞ்சம் ஈரமாக்கி, மூடிய சிறு குப்பியில் மஞ்சள் நிறப் பிக்ரேட் தாளோடு வைத்துவிட வேண்டும். மறுநாள் தாள் மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பழுப்பாக மாறியிருந்தால் அந்த அளவுக்குச் சயனைடு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கிலோ மாவுக்கு 10 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. காங்கோவின் கொன்ஸோ கிராமங்களில் பெண்களுக்கு இந்த ஈரப்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்த பிறகு அங்கே புதிய நோயாளிகள் வரவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். போர்த்துகீசியர் வழியாக மலபார்க் கரைக்கு மரவள்ளி வந்தது என்பார்கள். அது சோற்றுக்கு மாற்றாக மாறியது திருவிதாங்கூரில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா காலத்தில். தாவரவியலில் ஈடுபாடு கொண்ட அந்த அரசர் வெளியில் இருந்து குச்சிகளை வரவழைத்துப் பயிரிடச் செய்தார். மக்கள் நஞ்சென்று அஞ்சியதால், எப்படிச் சமைக்க வேண்டும், வேகவைத்த தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து, அரண்மனைச் சாப்பாட்டிலேயே பரிமாறச் சொன்னார் என்று சொல்வார்கள். கதை எவ்வளவு அலங்கரிக்கப்பட்டிருந்தாலும், குச்சியோடு சமையல் குறிப்பும் சேர்ந்து போன இடங்களில் திருவிதாங்கூர் ஒன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி நின்றபோது அந்தக் குறிப்பு கைகொடுத்தது. அப்போது திருவிதாங்கூரோடு இருந்த இன்றைய குமரி மாவட்டத்திலும் பல வீடுகளில் மரச்சீனிதான் சோறு.

அந்தப் பஞ்ச காலத்திலும் இங்கே கொன்ஸோ கொள்ளைநோயாக வரவில்லை. இதற்கு நான் இரண்டு காரணம் சொல்வேன். வீட்டுக்குப் பயிரிட்டது பெரும்பாலும் நஞ்சு குறைந்த வகை. நறுக்கி, வேகவைத்து, வடித்துத்தான் தின்றார்கள். இரண்டாவது, தொட்டுக்கொள்ள இருந்த மீன் குழம்பு. மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைத்த கரையில், சயனைடை வெளியேற்றத் தேவையான கந்தகம் தட்டிலேயே இருந்தது. மரச்சீனிக்கு மீன் என்பது ருசிக்காகச் சேர்ந்த ஜோடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

இலங்கையில் மரவள்ளியையும் இஞ்சியையும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். 1970களின் உணவுத் தட்டுப்பாட்டில் அங்கே மரவள்ளி மேசைக்கு மேசை இருந்தது. அந்த எச்சரிக்கையும் கூடவே இருந்தது. இஞ்சியை விலக்குவதால் நட்டமொன்றும் இல்லை. ஆனால் இஞ்சி சேர்க்கவில்லை என்ற தைரியத்தில் மற்றதைக் கோட்டை விடக் கூடாது. நஞ்சு கிழங்கில் இருக்கிறது. தோலில் அதிகம், அதைக் கனமாக உரிக்க வேண்டும். பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிடுங்கி நாளாகி நீலக் கோடு ஓடிய கிழங்கும், வாயில் வைத்ததும் கசக்கும் கிழங்கும் வேண்டாம்.

சேலத்துக்கு மரவள்ளி வேறு காரணத்துக்காக வந்தது. ஜவ்வரிசி அதுவரை மலாயா பக்கத்துச் சவ்வரிசிப் பனையில் இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது நின்றதும், 1940களில் சேலத்து வணிகர்கள் மரவள்ளி மாவில் உருட்டிப் பார்த்தார்கள். கிழங்கைக் கழுவி, அரைத்து, நிறையத் தண்ணீர் விட்டுச் சல்லடையில் அலசி, பால் போன்ற நீரைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை உருட்டி, வறுத்து, களத்தில் காயவைக்கிறார்கள். மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனத்துக்கு. கவனித்தால் இது அமேசான் பெண்கள் சாற்றில் இருந்து மாவு எடுத்த அதே வேலைதான். அத்தனை தண்ணீரில் அலசுவதால் ஜவ்வரிசியில் சயனைடு கவலை இல்லை. அது ஆலைக் கழிவு நீரில் போகிறது. அந்த நீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். பாயசத்திலும் வடகத்திலும் விரத நாள் உப்புமாவிலும் நாம் தின்பது இப்படி உருமாறிய பிரேசில் கிழங்கு.

குச்சியோடு வராமல் பின்தங்கியது சமையல் முறை மட்டும் இல்லை. தென் அமெரிக்காவில் மரவள்ளியைத் தின்னும் ஒரு மாவுப்பூச்சி உண்டு. அங்கே அது யாருக்கும் பெரிய தொல்லை இல்லை, ஏனென்றால் ஒரு சின்னக் குளவி அதன் உடம்பில் முட்டையிட்டுக் கொன்றுவிடும். 1970களின் தொடக்கத்தில் அந்தப் பூச்சி குளவி இல்லாமல் காங்கோவில் வந்து இறங்கியது. சில ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளித் தோட்டங்கள் சுருண்டன. 1981இல் பராகுவேயில் பூச்சியும் அதன் குளவியும் சேர்ந்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஹான்ஸ் ஹெர்ரன் தலைமையில் நைஜீரியாவில் குளவிகளைப் பெருக்கி நாடு நாடாகப் பறக்கவிட்டார்கள்; பூச்சி அடங்கியது. அந்த வேலைக்காக அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, அடுத்து சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கு வந்தது. பெனின் நாட்டில் இருந்து குளவியை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். குருத்து சுருண்டு கொத்தாகி, நடுவில் வெள்ளை மாவு தெரிந்தால் அது இந்தப் பூச்சி. பூச்சிகளில் சில பழுப்பு நிறத்தில் இறுகிப்போயிருந்தால், உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். அந்தத் தோட்டத்தில் மருந்து தெளித்தால் குளவிதான் முதலில் சாகும். பூச்சி ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் நடவுக் குச்சியில் ஒட்டிக்கொண்டுதான். ஆகவே அடுத்த நடவுக்குக் குச்சி வாங்குகிறவர்கள், எந்தத் தோட்டத்துக் குச்சி என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.